சிவப்பு சீலும் நீலக் கோடும்: எந்தச் சேனலை வைத்துக்கொள்வது?

படிவத்தில் சீல் வைப்பவர் காலி இடம் பார்த்து வைப்பதில்லை. பிறந்த தேதியின் மீதோ, பெயரின் கடைசி இரண்டு எழுத்தின் மீதோ, கையெழுத்தின் குறுக்கேயோதான் அது வந்து விழும். தாளைக் கையில் வைத்துப் படிக்கும்வரை தொல்லை இல்லை. சிவப்பையும் கறுப்பையும் கண் தானாகவே பிரித்துக்கொள்கிறது. அதே தாளைக் கறுப்பு வெள்ளையில் ஸ்கேன் செய்தால் சீலும் எழுத்தும் ஒரே அழுக்காகிவிடுகின்றன. எழுத்துணரி மென்பொருளிடம் கொடுத்தால், சீலின் வட்டக் கோட்டில் உடைந்த துணுக்குகளை அது ஒற்றுப் புள்ளிகளாக எண்ணிக்கொண்டு ‘க’வை ‘க்’ ஆக்கித் தருகிறது. இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மருந்து, சீலை அழி என்பது. அழிப்பதைவிட, அந்தத் தாளை எந்த நிற ஒளியில் பார்ப்பது என்று தேர்ந்துகொள்வதே சரி என்பது இந்த அத்தியாயத்தின் வாதம். இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும், சீலுக்கு அடியில் கிடக்கும் எழுத்துக்கு என்ன ஆகிறது என்பதில் வெகுதூரம் விலகுகின்றன.

வண்ண ஸ்கேன் ஒவ்வொன்றும் உண்மையில் மூன்று கறுப்பு வெள்ளைப் படங்களின் அடுக்கு. சிவப்பு ஒளியில் தாள் எப்படித் தெரிந்தது, பச்சையில் எப்படி, நீலத்தில் எப்படி என்று ஒவ்வொரு பிக்சலுக்கும் மூன்று எண்கள் பதிவாகின்றன. 0 என்றால் அந்த நிற ஒளி துளியும் திரும்பி வரவில்லை. 255 என்றால் முழுதும் வந்தது. இந்த மூன்று படங்களையும் சேனல் என்கிறோம். சிவப்பு மை ஏன் சிவப்பாகத் தெரிகிறது? பச்சையையும் நீலத்தையும் அது விழுங்கிவிட்டு, சிவப்பை மட்டும் திருப்பி அனுப்புகிறது. வெள்ளைத் தாளும் சிவப்பைத் திருப்பி அனுப்பத்தான் செய்கிறது. ஆகவே சிவப்புச் சேனலில் சீல் விழுந்த இடமும் வெறும் தாளும் ஏறக்குறைய ஒரே வெளுப்பு. சிவப்புக் கண்ணாடித்தாளைக் கண்ணில் வைத்துக்கொண்டு சிவப்புப் பென்சில் கோட்டைத் தேடினால் காணாமல் போகிறதே, அதே சங்கதிதான்.

இங்கேதான் பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள். ‘சிவப்பை நீக்க வேண்டும், ஆகவே சிவப்புச் சேனலை எடுத்துவிடு’ என்பது காதுக்குச் சரியாகப் படுகிறது. சிவப்புச் சேனலைத் தூக்கிப்போட்டால் மிஞ்சுவது பச்சையும் நீலமும். சிவப்பு மை கறுப்பாகத் தெரியும் இரண்டு சேனல்கள் அவைதாம். சீல் மறைவதற்குப் பதிலாக முன்னைவிட அடர்ந்து நிற்கும், தாள் வேறு பச்சை கலந்த நீலமாக மாறியிருக்கும். விதி இதற்கு நேர் எதிரானது: எந்த நிறம் மறைய வேண்டுமோ அந்த நிறத்தின் சேனலை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட வேண்டும். சிவப்பு சீலுக்குச் சிவப்புச் சேனல், நீலக் கோட்டுக்கு நீலச் சேனல். இரண்டாவது பாதிக்கு ஒரு திருத்தம் உண்டு, பின்னால் வருகிறது.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளியும். கறுப்பில் அச்சிட்ட விண்ணப்பம், நீலப் பந்துமுனைப் பேனாவால் நிரப்பியது, தேதியின் மேல் சிவப்பு வட்ட சீல் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு, பச்சை, நீலம் என்ற வரிசையில் தாள் 244, 241, 234. சீல் 205, 62, 70. அச்செழுத்து மூன்றிலும் 40 சொச்சம். பேனா நன்றாக அழுந்திய இடம் 48, 66, 150. மை சரியாக இறங்காமல் இழுபட்ட இடம் 110, 130, 190. மையும் ஸ்கேனரும் மாறினால் இந்த எண்களும் மாறும், ஒன்றுக்கொன்று உள்ள உறவு பெரிதாக மாறாது. வண்ணப் படத்தைச் சாம்பல் நிறமாக்கும்போது மென்பொருள்கள் பெரும்பாலும் சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 பங்கு எடுத்துக் கூட்டுகின்றன. அப்படிக் கூட்டினால் சீல் 106 ஆகிறது, இழுபட்ட பேனாக் கோடு 131 ஆகிறது. அதாவது, வேண்டாத சீல் வேண்டிய கோட்டைவிடக் கறுப்பு. இதற்குப் பிறகு வெளிச்சத்தையும் அடர்த்தியையும் எப்படித் திருகினாலும் சீலைத் தள்ளிவிட்டுக் கோட்டை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது. சீல் போவதற்கு முன்பே கோடு போய்விடும். சிவப்புச் சேனலை மட்டும் பார்த்தால் சீல் 205, இழுபட்ட கோடு 110, அழுந்திய கோடு 48. இடையில் 95 படி இடைவெளி. 160-க்கு மேலிருப்பதெல்லாம் வெள்ளை என்று வைத்தால் சீல் முழுக்கப் போகும், பேனாவில் ஒரு கீறல்கூடப் போகாது. நீலப் பேனாவுக்குச் சிவப்புச் சேனல் இன்னொரு உதவியும் செய்கிறது: நீல மை சிவப்பு ஒளியை விழுங்குவதால், சாம்பல் படத்தில் 70 ஆக இருந்த அழுந்திய கோடு இங்கே 48 ஆகக் கறுத்துவிடுகிறது.

இனி சீலும் எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த இடம். சர்ச்சை முழுவதும் அங்கேதான். மை என்பது ஒளிக்கு வடிகட்டி. இரண்டு வடிகட்டி ஒன்றன்மேல் ஒன்று இருந்தால், ஒன்று விடும் ஒளியை மற்றது மறுபடி வடிக்கிறது. சிவப்பு மை சிவப்பு ஒளியை உள்ளே விட்டாலும் அடியிலுள்ள கறுப்பு அதை விழுங்கிவிடும். ஆகவே அந்தப் பிக்சலில் சிவப்பு எண் 205 அல்ல, 40-க்கும் கீழே. சீலுக்கு அடியிலிருந்த எழுத்து அப்படியே கறுப்பாக மேலெழுந்து வருகிறது. யாரும் எதையும் ஊகித்து வரையவில்லை. அது ஏற்கெனவே அங்கேதான் இருந்தது.

படத்திருத்த மென்பொருளில் சிவப்பு நிறத்தைத் தேர்ந்தெடுத்து வெள்ளை பூசிவிட்டால் இதே வேலை முடியாதா என்று கேட்கலாம். முடியாது. அந்தக் கருவி ஒவ்வொரு பிக்சலையும் ‘நீ சீலா, எழுத்தா’ என்று கேட்கிறது. எழுத்தின் விளிம்பில் பாதி கறுப்பும் பாதி சிவப்புமாகக் கலந்த பிக்சல்களுக்கு இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. தாராளமாகத் தேர்ந்தெடுத்தால் எழுத்தின் ஓரம் கரம்பிப்போகும். கஞ்சமாகத் தேர்ந்தெடுத்தால் ரோஜா நிறச் சிலும்பல் மிஞ்சும். சீலுக்கு அடியில் இருந்த ‘8’, ஓரம் கரம்பி, அரையும் குறையுமாக நிற்கும்போது அதை ‘3’ என்று படிக்கவும் இடமுண்டு. சேனல் முறை பிக்சலிடம் கேள்வியே கேட்பதில்லை. தாள் முழுவதையும் ஒரே ஒளியில் பார்க்கிறது, அவ்வளவுதான். விளிம்புப் பிக்சலில் எவ்வளவு கறுப்பு இருந்ததோ அவ்வளவு சாம்பல் அங்கே கிடைக்கிறது.

செய்முறை சிறியது. முதல் நிபந்தனை, ஸ்கேன் வண்ணத்தில் இருக்க வேண்டும். கறுப்பு வெள்ளையில் எடுத்து வைத்த பழைய கோப்பில் மூன்று எண்ணும் ஒன்றாகிவிட்டன. அதிலிருந்து எதையும் மீட்க முடியாது, தாளைத் திரும்பத் தேடி எடுத்து ஸ்கேன் செய்ய வேண்டியதுதான். 300 டிபிஐ போதும். அந்த அளவில் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 12 பிக்சல் வருகிறது. அரை மில்லிமீட்டர் அகலமுள்ள ஒற்றுப் புள்ளிக்கு 6. 150 டிபிஐயில் அதே புள்ளிக்கு மூன்றே பிக்சல், அடுத்த படியில் அது கரைந்துபோக வாய்ப்பு அதிகம். கோப்பை PNG அல்லது TIFF ஆகச் சேமிக்க வேண்டும். JPEG வெளிச்சத்தை நுணுக்கமாகவும் நிறத்தைப் பெரும்பாலும் இரண்டுக்கு இரண்டு பிக்சல் கட்டங்களின் சராசரியாகவும் வைக்கிறது. கண்ணுக்கு இந்தச் சிக்கனம் தெரியாது. சேனலைப் பிரித்தவுடன் தெரியும்: சீல் இருந்த கோட்டின் இருபுறமும் மெல்லிய சாம்பல் நிழல், எழுத்தைச் சுற்றித் தூசு. ‘எல்லாம் சரியாகச் செய்தும் சீலின் தடம் போகவில்லை’ என்ற புலம்பல் எழுந்தால் முதலில் பார்க்க வேண்டியது கோப்பு வகையை. ஸ்கேனரின் மென்பொருளில் உள்ள கூர்மையாக்கும் வசதியையும் பின்னணியை வெளுக்கும் வசதியையும் அணைத்துவிடுவது நல்லது. அவை எண்களை நமக்கு முன்பே கலைத்துவிடுகின்றன.

இமேஜ்மேஜிக் நிறுவியிருந்தால் சிவப்புச் சேனலைப் பிரிக்க ஒரே வரி:

```
magick padivam.png -channel R -separate sivappu.png
```

இப்போது `sivappu.png` கோப்பில் சீல் வெளிறிய நிழலாக மட்டும் தெரியும். அதையும் வெளுக்க இன்னொரு வரி:

```
magick sivappu.png -level 20%,65% thelivu.png
```

இதன் பொருள்: 255-இல் 20 விழுக்காட்டுக்குக் கீழே, அதாவது 51-க்குக் கீழே உள்ளதெல்லாம் முழுக் கறுப்பு, 65 விழுக்காட்டுக்கு மேலே, அதாவது சுமார் 166-க்கு மேலே உள்ளதெல்லாம் முழு வெள்ளை, இடையிலுள்ளவை சமமாக விரிந்து நிற்கும். கட்டளை வரி பழக்கமில்லாதவர்கள் கிம்ப் மென்பொருளில் Colors > Components > Decompose என்ற வழியில் போய் RGB-யைத் தேர்ந்தால், மூன்று சேனலும் மூன்று அடுக்காகப் பிரிந்து வரும். சிவப்பு அடுக்கை மட்டும் வைத்துக்கொண்டு Colors > Levels கொண்டு மேற்சொன்ன இரு எல்லைகளையும் வைக்கலாம். ஒரே வெட்டில் கறுப்பு வெள்ளையாக்கும் `-threshold` கட்டளையை இந்தக் கட்டத்தில் தவிர்ப்பது நலம். விளிம்பின் சாம்பல்தான் ஒற்றுப் புள்ளியையும் கொம்பின் சுழியையும் பிடித்து வைத்திருக்கிறது. அதை வெட்டிவிட்டால் எழுத்துணரிக்கு வேலை கூடுமே தவிரக் குறையாது.

65 என்பது எங்கிருந்து வந்தது? சீலில் மை ஒரே சீராகப் பரவுவதில்லை. ஸ்டாம்ப் பேடில் புதிதாக மை ஊற்றியவுடன் வைத்த சீலில், எழுத்துகளின் நடுவே மை தேங்கி, சிவப்பு எண் 205 இல்லாமல் 175 வரைக்கும் இறங்கக்கூடும். வெள்ளையின் எல்லையை இந்த மிக அடர்ந்த இடத்துக்குச் சற்றுக் கீழே வைக்க வேண்டும். அதே சமயம் இழுபட்ட பேனாக் கோட்டின் எண்ணுக்கு நன்றாக மேலேயும் இருக்க வேண்டும். கிம்பில் வண்ணம் எடுக்கும் கருவியைச் சீலின் மிகக் கறுத்த இடத்திலும் கையெழுத்தின் மிக வெளிறிய இடத்திலும் வைத்து, இரண்டின் சிவப்பு எண்ணையும் படித்துக்கொண்டால் போதும். எல்லை அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. முதல் எண் இரண்டாவதைவிடச் சிறியதாக வந்தால் அந்தத் தாளுக்கு இந்த முறை முழுப் பலன் தராது என்று அப்போதே தெரிந்துவிடும்.

நீலக் கோட்டுக்கு வருவோம். கோடு போட்ட தாளிலோ நீலக் கட்டம் அச்சிட்ட படிவத்திலோ கறுப்புப் பேனாவால் எழுதியிருந்தால் விதி அப்படியே செல்லும்: `-channel B` என்று மாற்றினால் கோடுகள் போய்விடும், எழுத்து நிற்கும். நம்மூரில் பெரும்பாலோர் எழுதுவதோ நீலப் பேனாவில். அங்கே நீலச் சேனல் கோட்டோடு எழுத்தையும் சேர்த்து வெளுக்கிறது. வெளிர்நீலக் கோடு 176, 204, 232 என்று கொண்டால், நீலச் சேனலில் கோடு 232, இழுபட்ட பேனா 190. இடைவெளி 42 மட்டுமே. அழுந்திய பேனாகூட 150-இல்தான் நிற்கிறது. சிவப்புச் சேனலில் கோடு மறையவில்லை, 176-இல் சாம்பலாகத் தெரிகிறது. ஆனால் இழுபட்ட பேனா 110, அழுந்திய பேனா 48. இடைவெளி 66. ஆகவே நீலக் கோட்டில் நீலப் பேனா என்றால், கோட்டை முழுக்க மறைக்கும் நீலச் சேனலைவிட, அதை அரைகுறையாகக் காட்டும் சிவப்புச் சேனலையே எடுத்து, 166-க்கு மேலிருப்பதை வெள்ளையாக்கிவிடுவது மேல். முன்பு சொன்ன திருத்தம் இதுதான். கேட்க வேண்டிய கேள்வி ‘கோடு எதில் மறைகிறது’ என்பது அன்று. ‘கோட்டுக்கும் எழுத்துக்கும் இடைவெளி எதில் அதிகம்’ என்பது. கட்டமே அடர்நீலத்தில் அச்சாகியிருந்தால் இந்த இரண்டு வழியும் கைகொடுக்காது. அங்கே கட்டமும் பேனாவும் ஏறக்குறைய ஒரே மை, எந்த ஒளியிலும் பிரியாது.

படிவம் வடிவமைப்பவர்கள் இதை வெகுநாளாக அறிந்திருக்கிறார்கள். அமெரிக்க வருமான வரித்துறையின் 1099 வகைப் படிவங்கள் பலவற்றில் துறைக்குப் போகும் ‘ஏ’ பிரதி சிவப்பு மையில் அச்சாவது, இயந்திரம் படிக்கும்போது கட்டங்கள் மறைந்து நிரப்பியது மட்டும் தெரிவதற்காகத்தான். அந்தப் படிவங்களை இணையத்திலிருந்து இறக்கி வீட்டில் அச்சிட்டால், அந்த ‘ஏ’ பிரதியை அங்கே ஏற்பதில்லை. அதன் மை அந்த இயந்திரத்துக்கு மறையும் மை அல்ல. சிவப்பில் அச்சிட்ட படிவத்தைச் சிவப்புப் பேனாவால் நிரப்பினால் கட்டத்தோடு எழுத்தும் போய்விடும் என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

நம் அலுவலகங்களில் இன்னொரு இடைஞ்சல்: சீல் எப்போதும் சிவப்பாக இருப்பதில்லை. ஊதா மைதான் அதிகம். ஊதா மை பச்சையையும் மஞ்சளையும் விழுங்குவதோடு சிவப்பிலும் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது; எந்தச் சேனலிலும் அது முழுக்க மறையாது. உதாரணமாக 120, 70, 150 என்று இருக்கும் ஊதா சீல், நீலச் சேனலில்தான் மிக வெளிறித் தெரிகிறது. அங்கே 150, கறுப்பு அச்சோ 40. வெள்ளையின் எல்லையை 130 அளவில், அதாவது 51 விழுக்காட்டில் வைத்தால் சீல் போய் அச்சு நிற்கும். அதே எல்லையில் 150-இல் இருக்கும் நீலப் பேனாவும் போய்விடும் என்பதை மறக்கக் கூடாது. ஊதா சீல் விழுந்த தாளில் இந்தச் சேனலைக் கொண்டு அச்சை மீட்கலாம், நீலப் பேனாக் கையெழுத்தை முழுதாக மீட்க முடியாது. இதைக் குறையாகச் சொல்வதைவிட, இந்த முறை எதைச் செய்யும் எதைச் செய்யாது என்பதை எண்ணைப் பார்த்தே முன்கூட்டிச் சொல்லிவிட முடிவதை அதன் பலமாகச் சொல்வேன்.

பழுத்த தாளில் ஒரு சாதகமும் ஒரு பாதகமும் உண்டு. மஞ்சள் என்பது நீல ஒளியை விழுங்கும் நிறம். ஆகவே பழைய தாள் நீலச் சேனலில் அழுக்குச் சாம்பலாகவும் திட்டுத்திட்டாகவும் தெரியும். அதே தாள் சிவப்புச் சேனலில் கிட்டத்தட்டப் புதுத்தாள். தேநீர்க் கறையும் அப்படியே. 40 ஆண்டுப் பழைய படிவத்தில் சிவப்பு சீலை மறைக்கப் போனால் கறை நீங்குவதும் கூடவே நடந்துவிடுகிறது. நீலக் கோட்டை மறைக்கப் போனால் கறை முன்னைவிடக் கறுக்கும்.

கடைசியாக, எல்லாவற்றிலும் கனமான மறுப்பு: ஆவணத்திலிருந்து சீலை எடுப்பது ஆவணத்தைத் திருத்துவது ஆகாதா? படிப்பதற்கான பிரதி என்ற அளவில் ஆகாது. சீல் இல்லாத அந்தப் பிரதியே மூலம் என்று எங்காவது கொடுத்தால் சந்தேகமில்லாமல் ஆகும். சீல் என்பது வெறும் கறை அன்று. ‘ரத்து’ என்றோ ‘பெறப்பட்டது’ என்றோ அது ஒரு செய்தி சொல்கிறது. சிவப்புச் சேனல் அந்தச் செய்தியை மட்டுமா எடுத்துவிடுகிறது? அதிகாரி சிவப்பு மையில் எழுதிய குறிப்பு, சிவப்புப் பேனாவால் அடித்துத் திருத்திய எண், ஓரத்தில் போட்ட சுழி, எல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். அடித்த எண் அடிக்காத எண்ணாகத் தெரியும். இது சீல் மறைவதைவிட ஆபத்தானது, ஏனெனில் அங்கே ஏதோ இருந்தது என்பதற்கே தடயம் இராது. பச்சை மையில் இடும் கையெழுத்துக்கு மட்டும் பயமில்லை. பச்சை மை சிவப்பு ஒளியை விழுங்குவதால் கறுப்பாகவே நிற்கிறது.

ஆகவே வண்ண ஸ்கேன் என்றைக்கும் மூலமாக இருக்க வேண்டும், அதன்மேல் எதையும் சேமிக்கக் கூடாது. மூலத்துக்கு `padivam.png`, மேலே கிடைத்த `thelivu.png` கோப்புக்கு `padivam-R.png` என்று பெயரிலேயே எந்தச் சேனல் என்று குறித்து, இரண்டையும் ஒரே அடைவில் வைத்தால், பின்னால் பார்ப்பவருக்கு இது எடுத்த பிரதி என்பது சொல்லாமலே விளங்கும். எழுத்துணரிக்குப் போவது இரண்டாவது கோப்பு:

```
tesseract padivam-R.png padivam -l tam
```

டெஸராக்ட் அச்செழுத்தைப் படிக்கும். கையெழுத்தை நம்பி விட முடியாது. கிடைத்த `padivam.txt` கோப்பைச் சரிபார்க்கும்போது வண்ண மூலத்தையே பக்கத்தில் திறந்து வைத்துக்கொண்டு, சீல் இருந்த பகுதியை எழுத்தெழுத்தாகவும் மற்றதை வழக்கம்போலவும் பார்த்தால் போதும். அந்தப் பகுதியில் முதலில் பார்க்க வேண்டியவை எண்களும் ஒற்றுப் புள்ளிகளும். மூலத்தில் சிவப்பாக ஏதேனும் இருந்து எடுத்த பிரதியில் இல்லாமல் போயிருந்தால், அது சீலா, யாரோ கைப்பட எழுதியதா என்று அங்கேயே பார்த்து, கைப்பட எழுதியது என்றால் உரைக்கோப்பில் சதுர அடைப்புக்குள் தட்டச்சு செய்துவிட வேண்டும்.